ஒருபக்க அச்சுப்பொறியில் இருபக்க அச்சு: ஒற்றைப்படைப் பக்கங்கள் முதலில், இரட்டைப்படைப் பக்கங்கள் பிறகு

தாளைத் தானாகத் திருப்பிக்கொள்ளும் வசதி உங்கள் அச்சுப்பொறியில் இல்லையென்றால், இருபக்க அச்சுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் 1, 3, 5 என ஒற்றைப்படைப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு, அதே தாள்களை மீண்டும் தட்டில் வைத்து, அவற்றின் பின்புறத்தில் 2, 4, 6 என இரட்டைப்படைப் பக்கங்களை அச்சிட வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முதன்முறை செய்பவருக்குப் பெரும்பாலும் 1ஆம் பக்கத்தின் பின்னால் 10ஆம் பக்கம் வந்து நிற்கும், அல்லது பின்பக்கம் முழுவதும் தலைகீழாக இருக்கும், அல்லது ஏற்கெனவே அச்சான முகத்தின் மேலேயே இன்னொரு பக்கம் அச்சாகி இரண்டும் பாழாகும்.

‘தாளைத் திருப்பி வையுங்கள்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பதை நம்பி நானும் நெடுநாள் அலைக்கழிந்திருக்கிறேன். திருப்ப வேண்டுமா, வேண்டாமா என்பதே அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி மாறுகிறது. உங்கள் அச்சுப்பொறியைப் பற்றிய மூன்று செய்திகள் தெரிந்துவிட்டால் அதில் ஊகத்துக்கு இடமே இல்லை. அந்த மூன்றையும் ஒரே ஒரு தாளைக் கொண்டு அறிந்துகொள்வது எப்படி, அறிந்ததை வைத்து வரிசையை முடிவு செய்வது எப்படி என்பதையே கீழே எழுதுகிறேன்.

சொற்குழப்பத்தைத் தவிர்க்க ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். கையில் எடுக்கும் ஒன்றைத் ‘தாள்’ என்கிறேன். தாளின் இரு புறங்களையும் ‘முகம்’ என்கிறேன். எண்ணிட்ட உள்ளடக்கத்தையே ‘பக்கம்’ என்கிறேன். 1, 2, 3 என்று அச்சாவது ஏறுவரிசை; கடைசிப் பக்கத்தில் தொடங்கி 1இல் முடிவது இறங்குவரிசை.

## 1. கோப்பை முதலில் பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளுங்கள்

ஒரே கோப்பை இரண்டு முறை அச்சுக்கு அனுப்பப்போகிறீர்கள். இரண்டு முறையும் பக்கப் பிரிப்பு அணுவளவும் மாறாமல் இருக்க வேண்டும். சொற்செயலியில் திறந்த கோப்பிலிருந்து நேராக அச்சிட்டால், முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியதுகூட ஒரு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடக்கூடும்; அதற்குப் பின் வரும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று தொடராது. பி.டி.எஃப். கோப்பில் பக்கங்கள் உறைந்து நிற்பதால் இந்தச் சிக்கல் எழாது.

பி.டி.எஃப். ஆக்குவதற்கு முன்பே சொற்செயலியில் செய்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தாள்களை இடப்பக்கம் தைக்கவோ, துளையிட்டுக் கோக்கவோ போகிறீர்கள் என்றால், முன்பக்கத்தில் இடது ஓரமும் பின்பக்கத்தில் வலது ஓரமும் அகலமாக இருக்க வேண்டும். வேர்டில் பக்க அமைப்புப் பெட்டியில் `Mirror margins` என்ற தேர்வு இதைச் செய்கிறது. இதை மறந்தால் அச்சு ஒழுங்காக வந்தாலும் பின்பக்கங்களின் எழுத்து தையலுக்குள் போய்விடும்.

பி.டி.எஃப். ஆன பிறகு மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று பாருங்கள். பக்கத்தின் அடியில் அச்சாகும் எண்ணைப் பார்க்காதீர்கள். கோப்பைத் திறக்கும் செயலி காட்டும் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். அட்டைப்பக்கம் எண்ணில்லாமல் இருந்து, அடுத்த பக்கம் ‘1’ என்று தொடங்கும் கோப்புகளில், அடியில் ‘1’ என்றிருக்கும் பக்கம் கோப்பின் வரிசைப்படி இரண்டாவது பக்கம். ஆகவே அது ஒரு தாளின் பின்புறத்தில்தான் வரும். அது முன்புறத்தில் வர வேண்டுமென்றால் அட்டைக்குப் பின் ஒரு வெற்றுப் பக்கத்தை நீங்களே சேர்த்துவிட்டு மறுபடி பி.டி.எஃப். ஆக்க வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை. ஒவ்வோர் அத்தியாயமும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தால், இடையில் தேவைப்படும் வெற்றுப் பக்கங்களை அந்தச் செயலி தானே நுழைத்துக்கொள்ளும். பி.டி.எஃப். ஏற்றுமதிப் பெட்டியில் தானாக நுழைந்த வெற்றுப் பக்கங்களையும் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்காவிட்டால் அவை கோப்பில் வரா. அத்தியாயத் தொடக்கங்கள் கண்டபடி இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மாறி நிற்கும்.

## 2. ஒரு தாளில் மூன்று செய்திகளை அறியுங்கள்

தட்டில் உள்ள தாள்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு வெற்றுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் வைத்தபின் உங்களுக்கு மேலே தெரியும் முகத்தில், எந்த விளிம்பு அச்சுப்பொறிக்குள் முதலில் நுழையுமோ அந்த விளிம்பை நோக்கி, பென்சிலால் ஓர் அம்புக்குறி வரையுங்கள். பின்புறத்தில் தாளைச் சாய்த்து நிறுத்தும் வகை அச்சுப்பொறியானால் உங்களைப் பார்த்திருக்கும் முகமே ‘மேல்முகம்’. பிறகு சில வரி எழுத்துள்ள ஏதேனும் ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். வெளியே வந்த தாளைத் தொடுவதற்கு முன், அது எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள்.

முதற்கேள்வி: அச்சான முகம் மேலே தெரியும்படி மல்லாந்து கிடக்கிறதா, கீழே மறையும்படிக் கவிழ்ந்து கிடக்கிறதா? குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: அம்புக்குறி இருக்கும் முகத்திலேயே எழுத்தும் வந்திருக்கிறதா, மறுமுகத்தில் வந்திருக்கிறதா? அதே முகம் என்றால் உங்கள் அச்சுப்பொறி தட்டில் மேல்முகமாக இருக்கும் பக்கத்தில் அச்சிடுகிறது. மறுமுகம் என்றால் கீழ்முகத்தில் அச்சிடுகிறது.

மூன்றாவது கேள்வி: அம்பு காட்டிய விளிம்பு, அச்சான எழுத்தின் தலைப்பகுதியில் இருக்கிறதா, அடிப்பகுதியில் இருக்கிறதா? பெரும்பாலும் தலைப்பகுதியே முதலில் நுழைந்திருக்கும். எதுவாயினும் அதை அப்படியே நினைவில் வையுங்கள்.

ஓர் அச்சுப்பொறியில் இரண்டு தட்டுகள் இருந்தால் இந்தச் சோதனையைத் தட்டுக்கு ஒருமுறை தனித்தனியே செய்ய வேண்டும். அடியில் இழுப்பறைபோல் இருக்கும் தட்டும், முன்னால் திறந்து ஒவ்வொரு தாளாகச் செருகும் வாயும் வெவ்வேறு முகங்களில் அச்சிடுவது வழக்கமான ஒன்றுதான். அதுபோலவே சில லேசர் அச்சுப்பொறிகளில் பின்கதவைத் திறந்துவைத்தால் தாள் வளையாமல் நேராகப் பின்னால் வந்து மல்லாந்து விழும். மூடிவைத்தால் மேலே கவிழ்ந்து விழும். சோதனையின்போது கதவு எப்படி இருந்ததோ, வேலை முடியும்வரை அப்படியே இருக்கட்டும்.

## 3. விடைகளிலிருந்து வரிசையை முடிவு செய்யுங்கள்

அச்சுப்பொறிகள் தட்டில் மேலே இருக்கும் தாளைத்தான் முதலில் இழுக்கின்றன. சாய்வுத் தட்டானால் உங்களுக்கு அருகில் இருக்கும் தாளை இழுக்கின்றன. இதனோடு நீங்கள் கண்டறிந்த விடைகளைச் சேர்த்தால், கடைசியில் தாள்கள் தாமாகவே ஒழுங்கான வரிசையில் அமைவதற்கு இரண்டே விதிகள் போதும்.

ஒற்றைப்படைச் சுற்றின் வரிசையைத் தட்டு தீர்மானிக்கிறது. தட்டில் மேல்முகத்தில் அச்சிடும் பொறியானால் ஒற்றைப்படைப் பக்கங்களை ஏறுவரிசையில் அனுப்புங்கள். கீழ்முகத்தில் அச்சிடும் பொறியானால் இறங்குவரிசையில் அனுப்புங்கள்.

இரட்டைப்படைச் சுற்றின் வரிசையைத் தாள் விழும் விதம் தீர்மானிக்கிறது. கவிழ்ந்து விழுந்தால் இரட்டைப்படைப் பக்கங்களை இறங்குவரிசையில் அனுப்புங்கள். மல்லாந்து விழுந்தால் ஏறுவரிசையில் அனுப்புங்கள்.

இரண்டு சுற்றுக்கும் இடையில் கட்டைத் திருப்ப வேண்டுமா என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. வெற்று முகம், அச்சுப்பொறி அச்சிடும் முகமாகத் தட்டில் அமைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மேல்முகத்தில் அச்சிடும் பொறியில் வெற்று முகம் மேலே இருக்க வேண்டும். கீழ்முகத்தில் அச்சிடும் பொறியில் வெற்று முகம் கீழே இருக்க வேண்டும். கட்டு ஏற்கெனவே அப்படிக் கிடந்தால் திருப்பாமல் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் முழுக்கட்டையும் ஒன்றாகத் திருப்பி வையுங்கள். தாள்களின் உள்வரிசையை மட்டும் கலைக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியின் விடை இங்கே பயன்படுகிறது. முதல் சுற்றில் எந்த விளிம்பு முதலில் நுழைந்ததோ, இரண்டாம் சுற்றிலும் அதே விளிம்பே முதலில் நுழைய வேண்டும். நெடுவாக்கில் அச்சாகி, நீண்ட ஓரத்தில் தைக்கப்படும் எல்லாத் தாள்களுக்கும் இது பொருந்தும். தாள் உள்ளே வளைந்து மேலே வந்து விழும் பொறிகளில், தலைப்பகுதி உங்களை நோக்கியபடி கட்டு கிடக்கலாம். அதை அப்படியே தட்டில் இறக்கினால் அடிப்பகுதி முதலில் நுழைந்து, பின்பக்கங்கள் தலைகீழாக அச்சாகும். அப்படியானால் கட்டைத் திருப்பிப்போடாமல், மேசைமேல் இருப்பதுபோலவே அரைவட்டம் சுழற்றித் தலையைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். சுழற்றுவது வேறு, திருப்பிப்போடுவது வேறு. பின்பக்கம் தலைகீழாக வந்ததும் பலர் கட்டைத் திருப்பிப்போட்டு, அதனால் அச்சான முகத்தின் மேலேயே அச்சிட்டுவிடுகிறார்கள்.

## 4. ஐந்து பக்கச் சோதனையை நடத்துங்கள்

உண்மையான ஆவணத்தைத் தொடுவதற்கு முன், பக்கத்துக்கு ஒரு பெரிய எண்ணாக 1 முதல் 5 வரை எழுதிய ஒரு கோப்பை உருவாக்கி, பி.டி.எஃப். ஆக்கி, மூன்று தாள்களில் ஒத்திகை பாருங்கள். நான்கு பக்கங்கள் போதாதா என்று கேட்கலாம். மொத்தம் ஒற்றைப்படையாக முடியும் கோப்பில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது என்பதால் வேண்டுமென்றே ஐந்து.

தட்டில் மேல்முகத்தில் அச்சிட்டுக் கவிழ்த்துப் போடும் பொறியை எடுத்துக்கொண்டு முழுவதும் நடந்து பார்ப்போம். விதிப்படி ஒற்றைப்படை ஏறுவரிசை, இரட்டைப்படை இறங்குவரிசை.

முதல் சுற்றில் 1, 3, 5 அச்சாகின்றன. 1 முதலில் கவிழ்ந்து விழுகிறது, அதன்மேல் 3, அதன்மேல் 5. இப்போது கட்டின் உச்சியில் 5ஆம் பக்கத் தாள், வெற்று முகம் மேலே தெரியக் கிடக்கிறது. இந்தப் பொறிக்கு வெற்று முகம் மேலேதான் வேண்டும் என்பதால் கட்டைத் திருப்ப வேண்டியதில்லை.

இங்கே நில்லுங்கள். இரட்டைப்படைப் பக்கங்கள் 2, 4 என்ற இரண்டுதான், தாள்களோ மூன்று. இறங்குவரிசையில் அனுப்பினால் முதலில் வருவது 4ஆம் பக்கம். தட்டின் உச்சியில் இருப்பது 5ஆம் பக்கத் தாள். அப்படியே விட்டால் 5இன் பின்னால் 4, 3இன் பின்னால் 2 என்று எல்லாமே ஓரிடம் தள்ளிப்போய், 1ஆம் பக்கத் தாள் தீண்டப்படாமல் தட்டிலேயே கிடக்கும். ஆகவே உச்சியில் உள்ள 5ஆம் பக்கத் தாளை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் தட்டில் வையுங்கள்.

இப்போது 4, 2 என்று அனுப்புங்கள். 3ஆம் பக்கத் தாள் உள்ளே போய், 4 அச்சாகி, 4 கீழேயும் 3 மேலேயுமாக விழுகிறது. அதன்மேல் 1ஆம் பக்கத் தாள், 2 கீழேயும் 1 மேலேயுமாக விழுகிறது. கட்டை எடுத்தால் உச்சியில் 1, அடுத்து 3. தனியே வைத்த 5ஆம் பக்கத் தாளை அடியில் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஆக, மொத்தப் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்து, இரட்டைப்படைச் சுற்று இறங்குவரிசையில் நடக்குமானால், கடைசித் தாளை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கோப்பின் முடிவில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்து மொத்தத்தை இரட்டைப்படையாக்கிவிடுவது இன்னும் பாதுகாப்பான வழி. நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன். ஏறுவரிசையில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் கடைசித் தாள் தானாகவே தட்டில் மிஞ்சி நின்றுவிடும்.

மற்ற மூன்று வகைகளும் இதே போக்கில்தான் நடக்கின்றன. கீழ்முகத்தில் அச்சிட்டுக் கவிழ்த்துப் போடும் பொறியில் இரண்டு சுற்றும் இறங்குவரிசை. இடையில் கட்டைத் திருப்பி, மேலே வரும் கடைசித் தாளை எடுத்துவிட வேண்டும். முடிவில் 1ஆம் பக்கம் உச்சியில் நிற்கும். பின்னால் சாய்த்து வைத்து முன்னால் மல்லாந்து தள்ளும் இங்க்ஜெட் பொறிகள் மேல்முக வகை. அவற்றில் இரண்டு சுற்றும் ஏறுவரிசை, இடையில் கட்டைத் திருப்ப வேண்டும். அடித்தட்டிலிருந்து இழுத்து, உள்ளே வளைத்து, மல்லாந்து தள்ளும் பொறிகளில் ஒற்றைப்படை இறங்குவரிசை, இரட்டைப்படை ஏறுவரிசை, இடையில் திருப்ப வேண்டியதில்லை. மல்லாந்து விழும் இந்த இரண்டு வகையிலும், எல்லாம் முடிந்தபின் கட்டை ஒருமுறை திருப்பினால் 1ஆம் பக்கம் மேலே வரும்.

## 5. திரையில் தேர்வுகள் எங்கே இருக்கின்றன

அக்ரோபேட் ரீடரில் அச்சுப் பெட்டியைத் திறந்து, பக்கத் தேர்வுக்குக் கீழே `More Options` என்பதை விரித்தால் `Odd pages only`, `Even pages only` என்ற தேர்வுகளும், இறங்குவரிசைக்கான `Reverse pages` என்ற கட்டமும் கிடைக்கும். குரோம் உலாவியின் அச்சுப் பெட்டியில் ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தேர்வுகள் இருக்கின்றன. வரிசையைத் திருப்பும் கட்டத்தை அங்கே தேடாதீர்கள். ஆகவே இரண்டு சுற்றும் ஏறுவரிசையில் நடக்கும் வகைக்கு மட்டுமே அதை நான் பரிந்துரைப்பேன்.

லினக்ஸிலும் மேக்கிலும் முனையத்திலிருந்து அனுப்புபவர்கள், நாம் மேலே நடந்து பார்த்த வகைக்கு, முதல் சுற்றுக்கு இதைத் தட்டலாம்:

```
lp -o page-set=odd test.pdf
```

கட்டைத் தட்டில் வைத்தபின் இரண்டாம் சுற்றுக்கு இது:

```
lp -o page-set=even -o outputorder=reverse test.pdf
```

இரண்டு கட்டளைகளையும் ஒரே மூச்சில் தட்டிவிடாதீர்கள். முதல் வேலை முடிந்த கணமே இரண்டாவது வேலை தட்டில் மிச்சமிருக்கும் வெற்றுத்தாளை இழுக்கத் தொடங்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய சிக்கல் இரட்டைத் திருப்பம். சில அச்சுப்பொறிகளின் டிரைவர் அமைப்பிலேயே கடைசிப் பக்கத்திலிருந்து அச்சிடும் தேர்வு ஒன்று இருக்கும். மல்லாந்து விழும் பொறிகளில் அது முன்கூட்டியே இயக்கப்பட்டிருப்பதும் உண்டு. செயலியிலும் இறங்குவரிசை, டிரைவரிலும் இறங்குவரிசை என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஏறுவரிசையே வரும். டிரைவரில் அதை அணைத்துவிட்டு, வரிசையைச் செயலியில் மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஐந்து பக்கச் சோதனையில் முதலில் வெளிவருவது 1ஆ, 5ஆ என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பக்க அளவுத் தேர்வும் இரண்டு சுற்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு சுற்றில் தாளுக்கு ஏற்பச் சுருக்கியும் மறுசுற்றில் உண்மை அளவிலும் அச்சிட்டால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இரு முகத்து வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் நிற்கும்.

பல டிரைவர்களில் ‘கையால் திருப்பும் இருபக்க அச்சு’ என்ற தேர்வும் உண்டு. அது பக்கங்களைத் தானே பிரித்து, இடையில் நின்று, தாளைத் திருப்பி வைக்கச் சொல்லும். உங்கள் பொறியில் அது ஒழுங்காக வேலை செய்தால் சிறிய ஆவணங்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். நீண்ட ஆவணத்தில் நடுவே ஒரு தாள் சிக்கினால், எந்தப் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குவது என்பதை உங்கள் கையில் வைத்திருப்பதற்குத்தான் பிரித்து அச்சிடும் முறை தேவைப்படுகிறது.

## 6. நீண்ட ஆவணத்தைக் கூறுபோடுங்கள்

61 பக்க ஆவணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கமாக அச்சிட்டால் 61 தாள். இருபக்கமாக 31 தாள். டோனரிலோ மையிலோ மிச்சம் எதுவும் இல்லை, ஏனெனில் அச்சாகும் எழுத்து அதே அளவுதான். மிச்சமாவது தாளும், தைக்கும்போது கட்டின் தடிமனும் மட்டுமே. அந்த 30 தாளையும் ஒரே தவறில் இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூறுபோடச் சொல்கிறேன்.

1 முதல் 20 வரை ஒரு கூறு, 21 முதல் 40 வரை ஒரு கூறு, 41 முதல் 61 வரை ஒரு கூறு. ஒவ்வொரு கூறும் ஒற்றைப்படை எண்ணில் தொடங்கி இரட்டைப்படை எண்ணில் முடிய வேண்டும். கடைசிக் கூறு மட்டும் விலக்கு. பக்க எல்லையில் 1-20 என்று இட்டு ஒற்றைப்படையை அனுப்பி, பத்துத் தாள்களையும் மீண்டும் தட்டில் வைத்து, அதே 1-20 எல்லையில் இரட்டைப்படையை அனுப்பி முடித்துவிட்டுத்தான் 21-40க்குப் போக வேண்டும். கடைசிக் கூறில் பதினொரு தாள்கள் இருக்கும். 61ஆம் பக்கத் தாளுக்குப் பின்பக்கம் இல்லை என்பதால், இறங்குவரிசைப் பொறியானால் அதை எடுத்துவிட மறக்காதீர்கள்.

கூறு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது உங்கள் பொறி தாளை இழுக்கும் ஒழுங்கைப் பொறுத்தது. ஒருமுறை அச்சான தாள் புதுத்தாள் அளவுக்கு வழவழப்பாகப் பிரிந்து வராது. பழைய பொறியானால் பத்துத் தாளுக்கு மேல் நான் வைப்பதில்லை.

பிரதிகள் பல வேண்டுமென்றாலும் ஒவ்வொரு பிரதியாகவே செய்யுங்கள். பிரதி எண்ணிக்கையில் 3 என்று இட்டால், ஒரு செயலி 1, 3, 5, 1, 3, 5 என்றும் இன்னொன்று 1, 1, 1, 3, 3, 3 என்றும் அனுப்பலாம். அதனோடு கடைசித் தாளை எடுக்கும் வேலையும் சேர்ந்தால் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

## 7. இரண்டு சுற்றுக்கும் இடையில் செய்ய வேண்டியவை

முதலில் எண்ணுங்கள். 1-20 கூறின் முதல் சுற்றுக்குப் பின் சரியாகப் பத்துத் தாள்கள் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தால் இரண்டு தாள்கள் ஒட்டி வந்து, இடையில் ஒரு முழு வெற்றுத்தாள் நுழைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டு எடுக்காமல் விட்டால் இரண்டாம் சுற்றில் ஒரு பக்கம் அந்த வெற்றுத்தாளில் அச்சாகி, அதற்குப் பின் உள்ள எல்லாம் நகர்ந்துவிடும்.

அடுத்து, காத்திருங்கள். லேசர் பொறி தாளைச் சூடாக்கித்தான் டோனரைப் பதிக்கிறது. அந்தச் சூட்டில் தாளின் ஈரம் குறைந்து ஓரங்கள் சுருள்கின்றன. சுருண்ட தாளை உடனே தட்டில் வைத்தால் சிக்கும், அல்லது இரண்டாக ஒட்டி உள்ளே போகும். கட்டைச் சமதளத்தில் வைத்து, மேலே கனமான ஒரு புத்தகத்தை ஏற்றி, சூடு ஆறும்வரை விடுங்கள். பிறகு ஓரங்களை விசிறிபோல் பிரித்துவிட்டு, நான்கு பக்கமும் தட்டிச் சீராக்குங்கள். இங்க்ஜெட் பொறியில் பிரச்சினை ஈரம். எழுத்து மட்டுமே உள்ள பக்கம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். பெரிய படங்களோ அடர்ந்த நிறங்களோ உள்ள பக்கத்துக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். இல்லையென்றால் மை உருளையில் ஒட்டி, அடுத்தடுத்த தாள்களில் கறையாகப் படியும்.

நிமிடத்துக்கு 20 பக்கம் அச்சிடும் பொறியில் 61 பக்கங்கள் அச்சாக மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆறவிடுவதும் எண்ணுவதும் திருப்பி வைப்பதும்தான் மீதி நேரத்தைத் தின்னும். மூன்று கூறுகளுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஒதுக்கிவைத்தால் பதற்றமில்லாமல் செய்யலாம். ஒரு கூறு ஆறிக்கொண்டிருக்கும்போது அடுத்த கூறின் ஒற்றைப்படைப் பக்கங்களை அச்சிட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம்தான். ஆனால் இரண்டு கட்டுகளும் கலந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் எல்லையை எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும்.

தட்டில் எஞ்சியிருக்கும் வெற்றுத்தாள்களை எடுத்துவிட்டு, அச்சான கட்டை மட்டும் வையுங்கள். காரணத்தை அடுத்த பகுதியில் காண்பீர்கள். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அச்சுப்பொறியானால், உங்கள் தாள்கள் தட்டில் இருக்கும் நேரத்தில் வேறொருவர் அனுப்பும் வேலை உங்கள் பக்கங்களின் பின்னால் அச்சாகும் அபாயம் உண்டு. கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டைத் தட்டில் வைப்பதற்கு முன்பே கணினியில் இரண்டாம் சுற்றின் அச்சுப் பெட்டியைத் திறந்து எல்லாத் தேர்வுகளையும் செய்துவைத்துவிட்டு, கட்டை வைத்ததும் பொத்தானை அழுத்தினால் அந்த இடைவெளி மிகக் குறுகியதாகிவிடும்.

தாளின் எடை பற்றியும் ஒரு வார்த்தை. சதுர மீட்டருக்கு 70 கிராம் உள்ள தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். 80 கிராம் தாளில் அது குறையும், சுருளுவதும் குறைவு. வழவழப்பான மேற்பூச்சுள்ள ஒளிப்படத்தாள், ஒட்டுச்சீட்டுத் தாள் ஆகியவற்றை இந்த முறைக்குப் பயன்படுத்தக் கூடாது.

## 8. இரண்டாம் சுற்று தவறினால்

இரண்டாம் சுற்றில் முதலில் வரும் தாளை வந்ததுமே எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில், அதே வாக்கில் திரும்ப வையுங்கள். 1-20 கூறை ஏறுவரிசையில் அனுப்பினால் அது 1ம் 2ம் உள்ள தாள். இறங்குவரிசையில் அனுப்பினால் 19ம் 20ம் உள்ள தாள். இணை தவறியிருந்தாலோ தலைகீழாக இருந்தாலோ உடனே வேலையை நிறுத்துங்கள்; இழப்பு ஓரிரு தாள்களோடு நிற்கும்.

முதல் தாள் சரியாக வந்து, நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிப் போனால் அதற்கு ஒரு தெளிவான அறிகுறி இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு முன்பே தாள் தீர்ந்துவிட்டது என்று அச்சுப்பொறி கேட்கும். பத்துத் தாள்களுக்குப் பத்துப் பக்கம் என்று அளந்து வைத்திருக்கும்போது தட்டு காலியாகித் தாள் கேட்டால், அதற்கு வேறு காரணமே இருக்க முடியாது. தட்டில் வெற்றுத்தாளை மிச்சம் வைக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். வெற்றுத்தாள் இருந்தால் பொறி அதை இழுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் முடித்துவிடும். தாள் கேட்டதும் கொடுக்காதீர்கள். வேலையை ரத்து செய்துவிட்டுக் கட்டைப் பாருங்கள்.

கட்டில் ஒரு தாளின் பின்புறம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகு அச்சான தாள்கள் இணை தவறியிருக்கும். எடுத்துக்காட்டாக, மேல்முகத்தில் அச்சிடும் பொறியில், ஏறுவரிசையில் 11ஆம் பக்கத் தாளும் 13ஆம் பக்கத் தாளும் ஒட்டிப் போயிருந்தால், 11இன் பின்னால் 12 சரியாகவே வந்திருக்கும். 13இன் பின்புறம் வெறுமை. 15இன் பின்னால் 14. 17இன் பின்னால் 16. 19இன் பின்னால் 18. 20ஐ அச்சிடத்தான் பொறி தாள் கேட்கிறது. இதில் 1 முதல் 12 வரையிலான ஆறு தாள்கள் நல்லவை. வெறுமையாக நிற்கும் 13ஐயும் காப்பாற்றலாம்: அந்த ஒரு தாளை வெற்று முகம் சரியாக அமையும்படி தட்டில் வைத்து, பக்க எல்லையில் 14 என்று மட்டும் இட்டு அச்சிடுங்கள். 15, 17, 19 உள்ள மூன்று தாள்களைக் கழித்துவிட்டு, 15-20 என்ற எல்லையை ஒரு சிறு கூறாக, ஒற்றைப்படை மூன்று, இரட்டைப்படை மூன்று என்று புதிதாக அச்சிட்டு, பழைய கட்டின் அடியில் சேர்த்துவிடுங்கள்.

தாள் சிக்கி நின்றாலும் இதே கணக்குத்தான். சிக்கிய தாளை வெளியே எடுத்ததும் பல பொறிகள் அந்தப் பக்கத்தை மீண்டும் அச்சிட முயலும். அப்போது தட்டின் உச்சியில் இருப்பது அடுத்த தாள் என்பதால் அங்கிருந்தே இணை நகரத் தொடங்கும். ஆகவே மூடியைத் திறப்பதற்கு முன் கணினியில் வேலையை ரத்து செய்யுங்கள். வெளியே வந்துள்ள தாள்களில் கடைசியாகச் சரியாக முடிந்த இணை எது என்று பாருங்கள். சிக்கிக் கசங்கிய தாளின் ஒற்றைப்படைப் பக்கத்தை ஒரு புதுத்தாளில் அச்சிட்டு, கட்டில் அதற்குரிய இடத்தில் செருகிவிட்டு, மீதியுள்ள இரட்டைப்படைப் பக்கங்களை மட்டும் எல்லையிட்டு அனுப்புங்கள்.